மாலை ஆறு மணிக்குள் விளக்கம் கேட்டால்: சிறு ஆலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆத்தூர் பக்கத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளில் பத்திரிகைக்குப் பதில் சொல்வதற்கென்று தனி ஆள் யாரும் இருப்பதில்லை. நிருபர் போன் செய்யும்போது ஆபீஸில் யார் இருக்கிறார்களோ அவர்தான் பேசுவார். கணக்கு எழுதுபவர், முதலாளியின் மருமகன், சில நேரம் லோடு ஏற்ற வந்த மேஸ்திரிகூடப் பேசிவிடுவார். அடுத்த நாள் அவர் சொன்னதுதான் 'ஆலை நிர்வாகத்தின் விளக்கம்' என்று அச்சில் வரும்.

நான் அப்படி ஓர் ஆலையில் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன். இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்த ஒரு நாளை வைத்தே ஒவ்வொரு படியையும் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களுக்காகத் தேதிகளையும் எண்ணிக்கைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நடந்தது நடந்தபடிதான்.

ஏப்ரல் 17, மதியம் 2.40. ஒரு நாளிதழின் நிருபர் பேசினார். "சார், உங்க ஃபேக்டரி ஜவ்வரிசியில கெமிக்கல் இருக்குன்னு லேப் ரிப்போர்ட் வந்திருக்காமே. நாளைக்கு நியூஸ் போகுது. என்ன சொல்றீங்க?"

போனை எடுங்கள், போனிலேயே பதில் சொல்லாதீர்கள்

இரண்டு தப்புகள் இங்கே சகஜம். ஒன்று, நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விடுவது. அப்படி விட்டால் 'பலமுறை தொடர்புகொண்டும் நிர்வாகம் பதிலளிக்கவில்லை' என்று வரும். படிப்பவர்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, பதற்றத்தில் அந்த இடத்திலேயே விளக்கம் சொல்ல ஆரம்பிப்பது.

இரண்டாவது தப்பை நான் முன்பு ஒருமுறை செய்திருக்கிறேன். கழிவுநீர் பற்றி ஒருவர் கேட்டபோது, "இதெல்லாம் எல்லா ஃபேக்டரியிலும் இருக்கிறதுதானுங்களே" என்று சொல்லிவிட்டேன். பேச்சுவாக்கில் வந்த வார்த்தை அது. அடுத்த நாள் அதுவே தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் இருந்தது. சுற்றுவட்டாரத்து ஆலைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து மாட்டிவிட்டதாக எனக்கு வந்த போன்களை இன்னும் மறக்கவில்லை.

அதனால் இந்த முறை ஆறு விஷயங்களை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்: அவர் பெயர், எந்தப் பத்திரிகை, செய்தி எதைப் பற்றி, துல்லியமாக என்னென்ன கேள்விகள், எத்தனை மணிக்குள் பதில் வேண்டும், எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் சொன்னது இதுதான்: "கேள்விகளை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்புங்க. ஆறு மணிக்குள்ள எழுத்துல பதில் தர்றேன். அதுவரைக்கும் நான் பேசினதை விளக்கமா போட்டுடாதீங்க." நியாயமான நிருபர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. எழுத்தில் கிடைத்தால் அவருக்கும் பாதுகாப்புதான்.

'இதைப் போட வேண்டாம், உங்களுக்காகச் சொல்கிறேன்' என்று மட்டும் எதையும் ஆரம்பிக்காதீர்கள். சொல்வதற்கு முன்பே இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் அதற்கு மதிப்பு. சொல்லி முடித்துவிட்டு 'இது பத்திரிகைக்கு இல்லை' என்றால் அது வேண்டுகோள்தான், அதை ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பழக்கமில்லாதவர்கள், அச்சில் வந்தால் தாங்க முடியாத எதையும் வாயால் சொல்லாமல் இருப்பதே நல்லது.

போனை வைத்ததும் அந்தப் பத்திரிகையின் சேலம் அலுவலக எண்ணை, அந்த இதழிலேயே அச்சாகியிருப்பதைப் பார்த்து அழைத்து, இந்தப் பெயரில் நிருபர் இருக்கிறாரா என்று கேட்டேன். இருந்தார். இது இரண்டு நிமிட வேலை, விடாதீர்கள். பத்திரிகை அட்டையைக் காட்டிப் பணம் பறிக்கிறவர்களும் ஆலைகளுக்கு வருகிறார்கள். செய்தியை நிறுத்தப் பணமோ விளம்பரமோ ஒருவர் கேட்டால் அது விளக்கம் கேட்பதே இல்லை. அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு வக்கீலிடமும் போலீஸிடமும் போக வேண்டிய விஷயம். உண்மையான நிருபரிடம் நீங்களாகப் பணப் பேச்சை எடுப்பதும் அதே அளவு தப்பு.

முதலில் காகிதம், பிறகு முதலாளி

மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகள் வந்தன. மாதிரி ஆய்வில் தோல்வியடைந்தது உண்மையா? என்ன ரசாயனம் கலக்கிறீர்கள்? அந்தச் சரக்கு சந்தைக்குப் போய்விட்டதா?

முதலாளிக்கு போன் செய்தேன். அவர் பதில் அரை நிமிடத்தில் வந்தது. "பொய்யின்னு சொல்லிடுங்க. அந்த லாட்டுல ஒரு மூட்டைகூட வெளிய போகலன்னு போடுங்க." அவர் பொய் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்த அன்றே அந்த லாட்டை ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தார், வைத்திருப்பார்கள் என்று நம்பினார். சிறு நிறுவனங்களில் தவறான விளக்கம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பெரியவர் நம்பிச் சொன்னதை யாரும் சரிபார்ப்பதில்லை.

கேட் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 90 கிலோ மூட்டையில் அந்த லாட் மொத்தம் 60 மூட்டை. மாதிரி எடுத்தது மார்ச் 4. மார்ச் 12 அன்று 22 மூட்டை ஒரு வட இந்திய வியாபாரிக்கு லோடாகியிருந்தது. பில்லும் இ-வே பில்லும் இருந்தன. கிடங்கில் எண்ணிப் பார்த்ததில் 38 மூட்டை. 'ஒரு மூட்டைகூடப் போகவில்லை' என்று அனுப்பியிருந்தால், அந்த ஒரு பில்லை யாராவது நிருபரிடம் காட்டினாலே போதும், நாங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நான் எப்போதும் ஒரு தாளை எடுத்து விஷயங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். காகிதம் இருக்கிற விஷயம் ஒரு பக்கம். ஆள் சொல்கிறார், ஆனால் காகிதம் இல்லை என்பது இன்னொரு பக்கம். தெரியாதது மூன்றாவது. விளக்கத்துக்குள் முதல் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் போகலாம். இரண்டாவது பக்கத்தில் உள்ளதற்குக் காகிதம் தேடுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மூன்றாவதை நிருபர் நேராகக் கேட்டிருந்தால், 'அது இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

அறிக்கையில் உள்ள சொல் எது என்று பாருங்கள்

எங்கள் விஷயத்தில் எல்லாமே ஒரு சொல்லில் இருந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இன்படி, ஆய்வில் தோற்ற மாதிரிகள் எல்லாம் ஒரே வகையில் சேர்வதில்லை. 'பாதுகாப்பற்றது' என்றால் உடலுக்குக் கேடு. அதற்குச் சிறைத் தண்டனை வரை போகலாம். 'தரம் குறைந்தது' என்றால் நிர்ணயித்த அளவுகளுக்குள் இல்லை, ஆனால் பாதுகாப்பற்றது என்று சொல்லும் நிலையிலும் இல்லை. அதற்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிளில் தவறு என்பது இன்னொரு வகை. ஊர்ப் பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் 'கலப்படம்' என்ற ஒரே பெயர்தான். நிருபருக்குத் தகவல் சொன்னவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் அறிக்கையில் இருந்தது 'தரம் குறைந்தது'. காரணமாகக் காட்டியிருந்தது அமிலத்தில் கரையாத சாம்பல். ஜவ்வரிசியை எரித்தால் மிஞ்சும் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். அதிலும் கரையாமல் நிற்பது பெரும்பாலும் மணலும் மண்ணும்தான். வரம்பு 0.1 சதவீதம், எங்கள் மாதிரியில் 0.16. திறந்த களத்தில் காயவைக்கிற எவருக்கும் இது எங்கிருந்து வந்திருக்கும் என்று தோன்றிவிடும். எங்கள் களத்தின் சிமென்ட் தளம் இரண்டு இடத்தில் பெயர்ந்திருந்தது.

ஆனால் அந்தக் களத்து விஷயத்தை விளக்கத்தில் எழுதவில்லை. அது எங்கள் ஊகம். யாரும் சோதித்துச் சொன்னதில்லை. 'களத்து மண்தான் காரணம்' என்று நாமே எழுதிக் கொடுத்து, பிறகு வேறு காரணம் தெரியவந்தால் அப்போது இன்னொரு விளக்கம் தேட வேண்டிவரும். தெரிந்ததைச் சொல்வதும் காரணம் சொல்வதும் வேறு வேறு. நிருபர் கேட்டது ரசாயனம் உண்டா என்று. அதற்கு அறிக்கையே பதில் சொல்கிறது.

'எங்கள் பொருளில் எந்த ரசாயனமும் கிடையாது' என்று எழுதவும் முதலாளிக்கு ஆசை. அதையும் தடுத்தேன். ஓர் ஆய்வறிக்கை சோதித்த விஷயங்களைப் பற்றி மட்டும்தான் பேசும். சோதிக்காததற்கு அதைச் சாட்சியாக இழுக்கக் கூடாது. 'அறிக்கையில் வரம்பை மீறியதாகக் குறிப்பிடப்பட்டிருப்பது இது ஒன்றே' என்பது யாரும் மறுக்க முடியாத வாக்கியம். அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் சறுக்கும்.

சொல்லப்போவதை முதலில் செய்துவிடுங்கள்

இங்கே ஒரு சங்கடம் வந்தது. 22 மூட்டை போயிருக்கிறது என்று எழுதினால், 'சரி, அதற்கு என்ன செய்தீர்கள்?' என்பது அடுத்த கேள்வி. ஏப்ரல் 17 மதியம் வரை நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை, அதுதான் உண்மை. 'திரும்பப் பெற நடவடிக்கை எடுத்து வருகிறோம்' என்று பொதுவாக எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். அப்படி எழுதாதீர்கள். நாலு மணிக்கு முதலாளியே அந்த வியாபாரிக்கு போன் செய்தார், நான் மின்னஞ்சல் அனுப்பினேன்: ஆய்வறிக்கையை எதிர்த்து நாங்கள் செய்திருக்கும் மேல்முறையீட்டின் முடிவு வரும்வரை அந்த லாட்டை விற்க வேண்டாம், எங்கள் செலவில் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். 4.25-க்கு மெயில் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியத்தை விளக்கத்தில் சேர்த்தேன்.

வக்கீலிடம் வாசித்துக் காட்ட பதினைந்து நிமிடம் ஆனது. விஷயம் மேல்முறையீட்டில் இருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஆய்வாளரின் அறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எங்களுக்கு அறிக்கை கிடைத்தது மார்ச் 24, நாங்கள் மனுக் கொடுத்தது ஏப்ரல் 9. 'திருப்பி எடுத்துக்கொள்கிறோம்' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத் தெரியுமே என்று வக்கீல் தயங்கினார். 'முடிவு வரும்வரை' என்ற இரண்டு சொற்களை விளக்கத்திலும் சேர்த்ததும் சரி என்றார். அதிகாரியைப் பற்றியோ, போட்டி ஆலைக்காரர் தூண்டிவிட்டார் என்றோ ஒரு சொல்லும் வேண்டாம் என்றும் சொன்னார். முதலாளிக்கு அந்தச் சந்தேகம் நிறைய இருந்தது. ஆனால் ஒரு காகிதமும் இல்லை.

எழுதுவது

விளக்கத்தை நிருபர் முழுதாகப் போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இடம் இருக்கிற அளவுக்கு இரண்டு வாக்கியம் எடுத்துக்கொள்வார். அதனால் எந்த வாக்கியத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்தாலும் அது உண்மையாகவும் முழுதாகவும் நிற்க வேண்டும். எழுதி முடித்ததும் நான் அதைத்தான் சோதிப்பேன். மற்றதையெல்லாம் கையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பேன். 'ஆனால்', 'இருப்பினும்' என்று தொடங்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும், முன்னால் வந்த வாக்கியம் இல்லாமல் அவற்றுக்கு அர்த்தம் இருக்காது.

குற்றச்சாட்டில் உள்ள சொல்லை நாமே திரும்ப எழுதுவதும் வேண்டாம். 'நாங்கள் விஷம் கலக்கவில்லை' என்று எழுதினால் தலைப்பு 'விஷம் கலக்கவில்லை: ஆலை நிர்வாகம்' என்றுதான் வரும். படிப்பவர் மனதில் நிற்பது விஷம் மட்டும். கடைசியாக நாங்கள் அனுப்பியது இது:

> மார்ச் 4 அன்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் எங்கள் கிடங்கிலிருந்து ஜவ்வரிசி மாதிரி எடுத்தார். மார்ச் 24 அன்று எங்களுக்குக் கிடைத்த ஆய்வறிக்கை அந்த மாதிரியை 'தரம் குறைந்தது' என்று வகைப்படுத்துகிறது. அமிலத்தில் கரையாத சாம்பல் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாதிரியில் அது 0.16 சதவீதம் என்று அறிக்கை கூறுகிறது. அறிக்கையில் வரம்பை மீறியதாகக் குறிப்பிடப்பட்டிருப்பது இது ஒன்றே. இந்த ஆய்வறிக்கையை எதிர்த்து ஏப்ரல் 9 அன்று மேல்முறையீடு செய்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. மாதிரி எடுக்கப்பட்ட லாட்டின் 60 மூட்டைகளில் 22 மூட்டைகள் மார்ச் 12 அன்று விற்கப்பட்டன. மேல்முறையீட்டின் முடிவு வரும்வரை அந்த 22 மூட்டைகளை விற்க வேண்டாம் என்றும், அவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றும் வாங்கிய வியாபாரிக்கு ஏப்ரல் 17 அன்று எழுதியிருக்கிறோம். அதே லாட்டின் மீதி 38 மூட்டைகள் எங்கள் கிடங்கில் தனியாக வைக்கப்பட்டுள்ளன.

பத்து வாக்கியம். இதில் எங்கள் ஆலைக்கு எத்தனை வருடப் பாரம்பரியம், எத்தனை குடும்பங்களுக்கு வேலை கொடுக்கிறோம், சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்ற பெருமை, எதுவும் கிடையாது. முதலாளி கேட்டார், நான் சேர்க்கவில்லை. நிருபர் அதைக் கேட்கவில்லை. கேட்காத பெருமை, கேட்ட கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்ப்பது போலத் தெரியும்.

'இன்று' என்று எழுதாமல் 'ஏப்ரல் 17 அன்று' என்று எழுதியதையும் கவனியுங்கள். செய்தி வருவது மறுநாள். 'இன்று' என்ற சொல் அப்போது தப்பாகிவிடும்.

அனுப்புவது

5.20-க்கு அனுப்பினேன். மின்னஞ்சலின் உடம்பிலேயே முழு உரை, கீழே முதலாளியின் பெயரும் பதவியும், சந்தேகம் கேட்க என் எண். ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தை வக்கீலின் சம்மதத்தோடு இணைத்தேன். அதே உரையை வாட்ஸ்அப்பிலும் எழுத்தாகவே அனுப்பினேன். லெட்டர்ஹெட்டில் அடித்து போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், அவசரத்தில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் கையில் 0.16 என்பது 1.6 ஆகிவிடலாம். அனுப்பியதும் போன் செய்து கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன்.

செய்தியை அச்சுக்கு முன் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. 'எண்கள் சரியா என்று ஒருமுறை போனில் படித்துக் காட்டுவீர்களா' என்று கேட்கலாம். நான் கேட்டேன், படித்துக் காட்டினார்.

அவர் திரும்பக் கேட்டது ஒன்று: "உங்க களம் சரியில்லாததாலதான் மண்ணு வந்துச்சுன்னு சொல்றாங்களே?" என் பதில்: "காரணம் என்னன்னு இன்னும் யாரும் சோதிச்சுச் சொல்லலைங்க. தெரிஞ்சதும் எழுதி அனுப்பறேன்." அதே கேள்வியை வேறு விதமாக மறுபடி கேட்டார். அதே பதிலை மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை புதிதாக ஏதாவது சேர்க்கத் தோன்றும், பேச்சு நின்றால் அந்த மௌனத்தை நிரப்பத் தோன்றும். சேர்க்க வேண்டாம்.

இதற்கிடையே ஆலையில் எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்லிவைத்தேன்: யார் கேட்டாலும் என் நம்பரைக் கொடுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். கேமராவோடு டிவிக்காரர்கள் வந்தாலும் அதே பத்து வாக்கியம்தான். யாரையும் கேட்டில் பிடித்துத் தள்ளக் கூடாது. அந்தத் தள்ளுமுள்ளுதான் அன்றைக்குச் செய்தியாகிவிடும்.

செய்தி வந்த பிறகு

மறுநாள் செய்தி வந்தது. உள்ளே எங்கள் வாக்கியங்களில் மூன்று அப்படியே இருந்தன. தலைப்பில் மட்டும் 'கலப்பட ஜவ்வரிசி'. முதலாளி வக்கீல் நோட்டீஸ் விடச் சொன்னார். நான் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆசிரியருக்குத் திருத்தம் கேட்டு எழுதும்போது, பிடிக்காததையும் தப்பானதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்தியின் தொனி, படம், பக்கத்தில் போட்ட இடம் இவை பிடிக்காதவை. அவற்றைப் பற்றி எழுதினால் தப்பானது அடியில் புதைந்துவிடும். எங்கள் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: தலைப்பு 'கலப்பட' என்கிறது, இணைத்திருக்கும் ஆய்வறிக்கை 'தரம் குறைந்தது' என்கிறது, சட்டத்தில் இது 'பாதுகாப்பற்றது' என்ற வகையிலிருந்து வேறுபட்டது, தலைப்பைத் திருத்தக் கேட்டுக்கொள்கிறோம். அன்று மாலையே இணையப் பதிப்பில் தலைப்பு மாறியது. நான்காம் நாள் அச்சில் சிறு திருத்தம் வந்தது.

இப்படிக் கேட்டும் எதுவும் நடக்காவிட்டால் இந்திய பத்திரிகைக் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். அதற்கும் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். டிவி செய்திகள் அந்தக் கவுன்சிலின் கீழ் வராது. எந்த வழியில் போவதானாலும் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அனுப்பிய நேரம், நிருபரின் கேள்விகள், செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

ஜூன் மாதம், மேல்முறையீட்டில் மாதிரியை மறுபடி சோதித்த ரெஃபரல் ஆய்வகத்தின் முடிவு வந்தது. 0.13. குறைந்திருந்தது, ஆனாலும் வரம்புக்கு மேலேதான். அந்த முடிவே இறுதி. முதலாளி பேசாமல் இருந்தார். நான் கேட்டேன்: "அண்ணா, தெரிஞ்சதும் அனுப்பறேன்னு சொல்லியிருக்கோம்." கொஞ்ச நேரம் கழித்து, "அனுப்பிடுங்க" என்றார். அதே நிருபருக்கு மூன்றே வாக்கியம் அனுப்பினோம்: மேல்முறையீட்டு ஆய்விலும் சாம்பல் அளவு வரம்பை மீறி 0.13 சதவீதம் என்று முடிவு வந்திருக்கிறது. திரும்ப வந்த 19 மூட்டைகளையும் கிடங்கில் உள்ள 38 மூட்டைகளையும் விற்பனைக்கு அனுப்பவில்லை. 3 மூட்டைகள் திரும்புவதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்டதாக வியாபாரி எழுதியிருக்கிறார்.

அது உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது. களத்துக்கு அந்த வாரமே புதுத் தளம் போட ஆரம்பித்திருந்தோம். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.